குறிப்பெடுக்கும் கை

ஆசிரியர் பேசுகிறார், மாணவர் கேட்கிறார், கேட்டதில் ஒரு பகுதி குறிப்பேட்டில் இறங்குகிறது. அந்தக் குறிப்பைப் பேனாவால் எழுதுவது நல்லதா, விசைப்பலகையில் தட்டுவது நல்லதா என்னும் வினா, மடிக்கணினி வகுப்பறைக்குள் வந்த நாள்முதல் எழுப்பப்பட்டு வருகிறது. விரைவு, புரிதல், நினைவு ஆகிய மூன்றையும் வைத்து இவ்விரு முறைகளையும் ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுள்ளனர். அவ்வொப்பீடுகள் உண்மையில் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை என்பதை ஆராய்ந்து ஒரு முடிவை முன்வைக்கிறது இக்கட்டுரை.

ஒரு வகுப்பில் எழுந்த ஐயம்

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாம் முல்லர் என்பவர் உளவியல் ஆய்வு மாணவியாக இருந்தார். பேராசிரியர் டேனியல் ஓப்பன்ஹைமரின் வகுப்பில் உதவியாளராகவும் பணியாற்றினார். வழக்கமாக மடிக்கணினியில் குறிப்பெடுத்துவந்த அவர், அதைப் பயன்படுத்த இயலாமற்போன ஒரு நாளில் பேனாவை எடுத்தார். அன்றைய விரிவுரை மற்ற நாள்களைவிடத் தெளிவாக மனத்தில் பதிந்ததாக அவருக்குத் தோன்றியது. அதைப் பேராசிரியரிடம் கூறியபோது, அவருக்கும் அத்தகைய அனுபவம் இருந்தது தெரியவந்தது. ஒரு கூட்டத்தில் மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்த அவர் தலையை நிமிர்த்தியபோது, அங்கு என்ன பேசப்படுகிறது என்பதே அவருக்கு விளங்கவில்லையாம்.

இருவரின் அனுபவம் சான்றாகாது. எனவே, அவர்கள் அதைச் சோதனைக்கு உட்படுத்தினர். பிரின்ஸ்டன் மாணவர் அறுபத்தெழுவருக்கு, ஏறத்தாழப் பதினைந்து நிமிட நீளமுள்ள உரைகளின் காணொலிகளுள் ஒன்று காட்டப்பட்டது. சிலருக்கு மடிக்கணினியும் சிலருக்குக் குறிப்பேடும் தரப்பட்டன. மடிக்கணினியில் இணைய இணைப்பு இல்லை. கவனச்சிதறலுக்கு வாய்ப்பளிக்காமல், குறிப்பெடுக்கும் முறையை மட்டும் அளப்பதற்காகவே இந்த ஏற்பாடு. உரை முடிந்ததும் வேறு சில பணிகள் கொடுத்து, ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்து வினாக்கள் கேட்கப்பட்டன. வினாக்கள் இருவகை. ஒன்று, ஆண்டு, பெயர், எண் போன்ற செய்திகளைக் கேட்பது. மற்றொன்று, இரு கருத்துகளை ஒப்பிடவோ, ஒரு காரணத்தை விளக்கவோ சொல்வது.

செய்தி வினாக்களில் இரு குழுவினருக்கும் வேறுபாடு தோன்றவில்லை. கருத்து வினாக்களிலோ கையால் எழுதியவர்கள் முந்தினர். 2014ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானதும் உலகெங்கும் பேசப்பட்டது. விசைப்பலகையினும் பேனாவே வலியது என்னும் முடிவு செய்தித்தாள்களின் தலைப்பாயிற்று. பல ஆசிரியர்கள் தம் வகுப்பில் மடிக்கணினிக்குத் தடை விதிப்பதற்கு இவ்வாய்வையே காரணமாகக் காட்டினர்.

குறிப்பின் இரு பணிகள்

இந்த முடிவை எடைபோடுவதற்கு முன், குறிப்பு எதற்காக எடுக்கப்படுகிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1972ஆம் ஆண்டில் டி வெஸ்டா, கிரே என்னும் கல்வி உளவியலாளர் இருவர், குறிப்பெடுத்தலின் பணிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினர். எழுதும் செயலே மனத்தில் பதியவைக்கிறது என்பது முதற்பணி. எழுதப்பட்ட தாள் பின்னாளில் எடுத்துப் படிப்பதற்கான சேமிப்பாகிறது என்பது இரண்டாம் பணி.

இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. முதற்பணி வகுப்பு நடக்கும்போதே முடிந்துவிடுகிறது. எழுதிய தாளைக் கிழித்தெறிந்தாலும் அதன் பயன் மனத்தில் எஞ்சும். இரண்டாம் பணி வகுப்பு முடிந்தபின்தான் தொடங்குகிறது. தாளைத் திரும்பத் திறக்காதவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பேனாவா விசைப்பலகையா என்று வழக்காடுவோர் பலர், இவற்றுள் எந்தப் பணியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லாமலே வழக்காடுகின்றனர். சேமிப்புக்கு நிறைவான பதிவு வேண்டும். அங்கு விரைவு உதவும். பதியவைப்பதற்கோ கேட்டதை மனம் அசைபோட வேண்டும். அங்கு விரைவு தடையாகவும் கூடும்.

விரைவு கொடுப்பதும் எடுப்பதும்

ஆங்கில விரிவுரை ஒன்று நிமிடத்திற்கு ஏறத்தாழ நூறு முதல் நூற்றைம்பது சொற்கள் வரை ஓடுகிறது. கையால் எழுதும் மாணவர் நிமிடத்திற்கு இருபது, இருபத்தைந்து சொற்களை எழுதுவார். தட்டச்சில் ஓரளவு பழகியவர் முப்பத்தைந்து, நாற்பது சொற்களைத் தட்டுவார். எனவே, இருவராலுமே முழுப்பேச்சையும் பிடிக்க முடியாது. எழுதுபவர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கையும், தட்டச்சிடுபவர் மூன்றில் ஒரு பங்கையும் பிடிக்கலாம். இவையும் நின்று சிந்திக்காமல் கை இயங்கினால் மட்டுமே கிட்டும் அளவுகள்.

பிரின்ஸ்டன் சோதனையில் நடந்தது இதைவிடக் குறைவு. கையால் எழுதியவர்களின் குறிப்பில் சராசரியாக 173 சொற்கள் இருந்தன. தட்டச்சிட்டவர்களின் குறிப்பில் 310 சொற்கள் இருந்தன. பதினைந்து நிமிடத்திற்கு வகுத்துப் பார்த்தால், தட்டச்சிட்டவர்கள் நிமிடத்திற்கு ஏறத்தாழ இருபது சொற்களைத்தான் பதிவு செய்தனர். ஆகவே, அவர்களும் விரல்களின் முழுவேகத்தில் ஓடவில்லை, தேர்ந்தெடுக்கவே செய்தனர். ஆனால், தேர்ந்தெடுத்ததை எந்தச் சொற்களில் பதிவு செய்தனர் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

அதை அளக்க ஆய்வாளர்கள் ஓர் எளிய வழியைக் கையாண்டனர். ஒவ்வொரு குறிப்பையும் அடுத்தடுத்த மும்மூன்று சொற்களாகப் பிரித்தனர். அந்த மூன்று சொற்கள் அதே வரிசையில் உரையாளரின் பேச்சில் இடம்பெற்றுள்ளனவா என்று பார்த்தனர். கையால் எழுதியவர்களிடம் அத்தகைய ஒற்றுமை ஏறத்தாழ 9 விழுக்காடாகவும், தட்டச்சிட்டவர்களிடம் ஏறத்தாழ 15 விழுக்காடாகவும் இருந்தது. அதாவது, தட்டச்சிட்டவர்கள் பேச்சாளரின் சொற்களை அப்படியே இறக்குவதில் கூடுதலாக ஈடுபட்டனர்.

இதன் காரணத்தை உணர்வது கடினமன்று. ஒருவர் பேசுவதைக் கேட்டு, அதன் பொருளை உள்வாங்கி, சுருக்கி, தம் சொற்களில் அமைப்பதற்குச் சிறிது நேரமும் உழைப்பும் வேண்டும். கை மெதுவாக இயங்கும்போது அந்த உழைப்பிலிருந்து தப்ப வழியில்லை; சுருக்காமல் எழுதினால் அடுத்த வாக்கியம் கைநழுவிப் போகும். விரல்கள் விரைந்து இயங்கும்போது, பொருளை அறியாமலே ஒலியைச் சொல்லாக்கிவிட முடிகிறது. காதில் விழுந்தது விரலில் இறங்குகிறது. இடையில் இருக்க வேண்டிய மனம் சற்றே விலகி நிற்கிறது. கையின் மெதுவே மனத்தை வேலைக்கு அழைக்கிறது என்று சொல்லலாம்.

இதனை அறிந்து, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நடத்திய இரண்டாம் சோதனையில், தட்டச்சிடும் ஒரு குழுவினரிடம் முன்கூட்டியே அறிவுறுத்தினர்: பேச்சாளர் சொல்வதை அப்படியே பதியாமல், சொந்தச் சொற்களில் குறிப்பெடுக்குமாறு கூறினர். அவ்வறிவுரை பயன் தரவில்லை. அவர்களும் மற்றவர்களைப் போலவே அப்படியே பதிந்தனர். பழக்கம், அறிவுரையைவிட வலிதாக நின்றது.

> தெரிந்து தெளிவோம்
>
> ஆங்கிலத்துக்குக் கணக்கிட்ட சொல்வேகத்தை அப்படியே தமிழுக்குப் பொருத்த இயலாது. தமிழில் வினைச்சொல்லுடன் காலமும் எண்ணும் இடமும் இணைந்து ஒரே சொல்லாகின்றன. ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்னும் ஒரு சொல்லை ஆங்கிலத்தில் கூற மூன்று சொற்கள் வேண்டும். ஆகவே, தமிழில் நிமிடத்திற்கு எத்தனை சொற்கள் என்னும் கணக்கு வேறாகும். 1999இல் தமிழக அரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கத்திலும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்திலும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என்னும் நான்கு தட்டல்கள் போதும்.

ஒரு பாடம், இரு குறிப்புகள்

இதனை ஒரு வகுப்பறைக் காட்சியில் வைத்துப் பார்க்கலாம். வேதியியல் வகுப்பில் ஆசிரியர், ஹேபர் முறையில் அம்மோனியா தயாரிப்பதை விளக்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் கூறுவது பின்வருமாறு:

“நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து அம்மோனியா உருவாகும் வினை, வெப்பத்தை வெளியிடும் வினை. ஆகையால், வெப்பநிலையைக் குறைத்தால் சமநிலை அம்மோனியாவின் பக்கம் நகரும். அழுத்தத்தை உயர்த்தினாலும் அப்பக்கமே நகரும்; ஏனென்றால் இடப்புறம் நான்கு மூலக்கூறுகள், வலப்புறம் இரண்டே. ஆனால், வெப்பநிலை மிகவும் குறைந்தால் வினை நடக்கும் வேகம் குறைந்துவிடும். ஆகவே, தொழிற்சாலைகளில் ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும், 200 வளிமண்டல அழுத்தமும், வினைவேக மாற்றியாக இரும்பும் பயன்படுகின்றன.”

தட்டச்சிடும் மாணவர் முதலிரு வாக்கியங்களை ஏறக்குறைய முழுமையாகப் பதிகிறார். மூன்றாம் வாக்கியத்தின் முற்பகுதியைப் பதியும்போது ஆசிரியர் நான்காவதற்குச் சென்றுவிடுகிறார். பின்தங்கியதை உணர்ந்த மாணவர் நான்காவதை விட்டுவிட்டு, ஐந்தாவதில் வரும் எண்களைப் பிடிக்கிறார். அவருடைய குறிப்பில் 450, 200, இரும்பு ஆகியன பிழையின்றி உள்ளன. ‘ஆனால்’ என்று தொடங்கிய வாக்கியம் மட்டும் இல்லை.

கையால் எழுதும் மாணவரால் முதல் வாக்கியத்தைக்கூட முழுமையாக எழுத முடியாது. எனவே, அவர் வாக்கியத்தைக் கைவிட்டுக் குறியீட்டை எழுதுகிறார்:

N₂ + 3H₂ ⇌ 2NH₃ + வெப்பம்
அழுத்தம் ↑ — அம்மோனியா ↑ (4 → 2)
வெப்பநிலை ↓ — அம்மோனியா ↑, ஆனால் வேகம் ↓
ஆகவே இரண்டுக்கும் நடுவே: 450°

இக்குறிப்பில் 200 வளிமண்டலம் இல்லை, இரும்பும் இல்லை. அவை கைக்கு அகப்படாமல் போயின. ஆனால், ஒன்றோடொன்று முரண்படும் இரு தேவைகள் அம்புக்குறிகளாக அடுத்தடுத்து நிற்கின்றன.

இப்போது இரு வினாக்களைக் கேட்கலாம். ‘ஹேபர் முறையில் பயன்படும் வினைவேக மாற்றி யாது?’ என்பது முதல் வினா. இதற்குத் தட்டச்சிட்டவர் உடனே விடையளிப்பார், எழுதியவர் தடுமாறுவார். ‘வெப்பநிலை குறைந்தால் அம்மோனியா மிகுதியாகக் கிடைக்குமெனில், தொழிற்சாலைகள் ஏன் 450 டிகிரிக்குச் சூடேற்றுகின்றன?’ என்பது இரண்டாம் வினா. இதற்கான விடை எழுதியவரின் மூன்றாம் வரியில் இருக்கிறது. தட்டச்சிட்டவரின் குறிப்பிலோ, வெப்பநிலையைக் குறைக்க வேண்டும் என்னும் வாக்கியமும் 450 டிகிரி என்னும் எண்ணும் ஒன்றையொன்று மறுத்தபடி நிற்கும். அவற்றை இணைக்கும் பாலம் இருக்காது.

இரு மாணவர்களின் குறைகளும் ஒரே தன்மையுடையன அல்ல. எழுதியவரின் குறை கண்ணுக்குத் தெரியும் குறை. பாடநூலைத் திறந்து இரு சொற்களைச் சேர்த்தால் அது நீங்கிவிடும். தட்டச்சிட்டவரின் குறையோ நிறைவான பக்கத்துக்குள் மறைந்திருக்கும் குறை. நிரம்பிய பக்கத்தைப் பார்ப்பவர், எல்லாம் இருக்கிறது என்றே நம்புவார்.

மறுசோதனைகள் சொன்னவை

இவ்வாறெல்லாம் இருப்பினும், பேனாவே வென்றது என்று கூறி முடித்துவிடுவது அறிவியல் நேர்மை ஆகாது. ஒரு சோதனையின் முடிவு, பிறர் மீண்டும் செய்து பார்க்கும்போதும் கிடைக்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் கெய்லா மோர்ஹெட், ஜான் டன்லாஸ்கி, கேத்தரின் ராசன் ஆகியோர் இச்சோதனையை மீண்டும் செய்தனர். குழுக்களுக்கிடையே நிலையான வேறுபாடு எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் தம் இரண்டாம் சோதனையில் குறிப்பே எடுக்காத ஒரு குழுவையும் சேர்த்திருந்தனர். உடனடித் தேர்வில் அக்குழுவும் மற்றவர்களுக்குப் பெரிதும் பின்தங்கவில்லை.

2021ஆம் ஆண்டில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் உர்ரியும் அவருடைய மாணவர்களும் பிரின்ஸ்டனின் முதல் சோதனையை அப்படியே திரும்பச் செய்தனர். இம்முறை 142 பேர் பங்கேற்றனர். தட்டச்சிட்டவர்கள் மிகுதியான சொற்களைப் பதிந்தனர் என்பதும், பேச்சாளரின் சொற்களை அப்படியே இறக்கினர் என்பதும் மீண்டும் உறுதியாயின. ஆனால், தேர்வு மதிப்பெண்ணில் கையால் எழுதியவர்களுக்கு எந்த மேன்மையும் காணப்படவில்லை. 2024ஆம் ஆண்டில் 24 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்ட மற்றொரு கட்டுரையோ, கையால் எழுதுவோருக்குச் சிறியதொரு மேன்மை உண்டு என்று கண்டது.

இவை ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றலாம். கூர்ந்து நோக்கினால், ஒரு செய்தியில் எல்லா ஆய்வுகளும் இணைந்து நிற்பதைக் காணலாம். குறிப்பெடுக்கும் கருவி, குறிப்பின் தன்மையை மாற்றுகிறது, அதில் ஐயமில்லை. அந்த மாற்றம் தேர்வு மதிப்பெண்ணில் எவ்வளவு தெரியும் என்பதுதான் சோதனைக்குச் சோதனை மாறுகிறது. பதினைந்து நிமிட உரையைக் கேட்டு, அரைமணி நேரத்தில் எழுதும் ஒரு தேர்வு, நினைவில் இன்னும் சூடாக இருப்பதைத்தான் அளக்கிறது. குறிப்பே எடுக்காதவரும் அதில் தாக்குப்பிடிக்கிறார் என்பதே அதற்குச் சான்று. மாணவர்களுடைய உண்மையான தேர்வோ பல வாரங்களுக்குப் பின் வருகிறது. எனவே, கேட்கப்பட வேண்டியது காலம் கடந்தபின் என்ன நிற்கிறது என்பதே.

காலம் கடந்தபின்

காலம் கடந்த நினைவைப் பற்றி இரு சோதனைகள் தெளிவாகப் பேசுகின்றன. முதலாவது, முல்லரும் ஓப்பன்ஹைமரும் செய்த மூன்றாம் சோதனை. அதில் தேர்வு ஒரு வாரத்திற்குப் பின் நடந்தது. தேர்வுக்கு முன் ஒரு பாதியினருக்குத் தம் குறிப்பைப் படிக்கப் பத்து நிமிடம் தரப்பட்டது. மறு பாதியினருக்குத் தரப்படவில்லை. குறிப்பைப் படிக்காதவர்களிடையே, எழுதியவருக்கும் தட்டச்சிட்டவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கையால் எழுதி, அதை மீண்டும் படித்தவர்களே மற்ற எல்லோரையும் முந்தினர். பதியவைத்தலும் சேமிப்பும் ஆகிய இரு பணிகளும் சேர்ந்தபோதுதான் பயன் கிடைத்தது.

இரண்டாவது, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது. கணினியில் தட்டுவோரை இரு குழுவாக்கி, ஒரு குழுவினரிடம் கேட்டதையெல்லாம் பதியுமாறும், மறு குழுவினரிடம் ஒழுங்குபடுத்திச் சுருக்குமாறும் கூறினர். உடனடித் தேர்வில் எல்லாவற்றையும் பதிந்தவர்களே சிறந்தனர். ஒரு நாள் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் எழுதிய தேர்வில் சுருக்கியவர்கள் சிறந்தனர். குறிப்பைப் படிக்க வாய்ப்பளித்தபோது, எல்லாவற்றையும் பதிந்தவர்கள் மீண்டும் முன்னேறினர்.

இவ்விரண்டாம் சோதனை பேனாவின் பக்கம் நிற்போருக்கு இடையூறாகத் தோன்றலாம். உண்மையில் அது வழக்கைத் தெளிவாக்குகிறது. இங்கு இரு குழுவினரும் ஒரே கருவியையே பயன்படுத்தினர். வேறுபட்டது கருவி அன்று. கேட்டதைச் செய்த விதம். சுருக்கியவர்களின் மனத்தில் ஒரு நாள் கழித்தும் பாடம் நின்றது. முழுமையாகப் பதிந்தவர்களிடம் அது தாளில் நின்றது. தாளைத் திரும்பப் படித்தவருக்கே பயன்பட்டது.

பேனாவும் படியெடுக்கும்

இதிலிருந்து எழும் முடிவு, மடிக்கணினியைக் காணாத வகுப்பறைகளுக்கும் பொருந்தும். பேனா வைத்திருப்பவரெல்லாம் சுருக்கி எழுதுகிறார் என்று கொள்ள முடியாது. ஆசிரியர் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, மாணவர் சொல்லுக்குச் சொல் எழுதும் வகுப்புகள் உண்டு. கரும்பலகையில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் நகலெடுக்கும் வகுப்புகளும் உண்டு. அங்கெல்லாம் பேனா, மெதுவாக இயங்கும் ஒரு விசைப்பலகையாகிவிடுகிறது. பேச்சின் வேகம் கையின் வேகத்திற்கு இறக்கப்பட்டுவிட்டால், தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் மறைந்துவிடுகிறது. அத்துடன் கையெழுத்துக் குறிப்பின் தனிச்சிறப்பும் மறைந்துவிடுகிறது. பல பக்கங்கள் அழகான கையெழுத்தில் நிறைந்திருந்தும், கேட்டதன் பொருளை மாணவரால் சொல்ல முடியாமற்போவது இதனால்தான்.

இதற்கு மறுதலையாக, தட்டச்சிடுவோர் எல்லோரும் மனமின்றிப் பதிகின்றனர் என்று கொள்வதும் தவறு. ஓரிரு வாக்கியங்களைக் கேட்டு முடித்தபின் ஒரு வரி தட்டுபவர், பேனா தரும் நன்மையில் பெரும்பங்கைப் பெற்றுவிடுவார். அதற்கு மனக்கட்டுப்பாடு வேண்டும். பேனா அந்தக் கட்டுப்பாட்டைத் தானே விதிக்கிறது என்பதே வேறுபாடு. சமன்பாடு, வரைபடம், அம்புக்குறி ஆகியன மிகுந்த பாடங்களில் தட்டச்சு இயல்பாகவே பின்தங்குகிறது. ஹேபர் முறையின் நான்கு வரிகளை விசைப்பலகையில் அமைக்க முயன்றால், மேல்நோக்கிய அம்பைத் தேடுவதற்குள் அடுத்த பாடமே தொடங்கிவிடும்.

மடிக்கணினியை வகுப்பிலிருந்து அறவே விலக்க வேண்டும் என்பதையும் ஏற்க இயலாது. கைவிரல்களால் எழுத இயலாதவர், எழுதினால் விரைவில் வலி காண்பவர், பார்வைக் குறைபாட்டால் பெரிய எழுத்தில் படிக்க வேண்டியவர் ஆகியோருக்கு விசைப்பலகையே எழுதுகோல். எல்லோருக்கும் தடை விதித்து அவர்களுக்கு மட்டும் இசைவு அளித்தால், அவர்களின் குறைபாட்டை வகுப்புக்கு முன் வெளிப்படுத்தியதாகிவிடும். ஒருவருடைய சொற்களை மாற்றாமல் காக்க வேண்டிய நேர்காணல், கூட்ட நடவடிக்கைப் பதிவு போன்ற பணிகளுக்கும் தட்டச்சே ஏற்றது. அங்கு சுருக்குவது பிழையாகிவிடும்.

எதைத் தேர்வது?

மூன்று அளவுகோல்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது முடிவு இவ்வாறு அமைகிறது. விரைவில் தட்டச்சு முந்துகிறது, அதில் ஐயமில்லை. புரிதலில், கையால் எழுதுவது தேர்ந்தெடுக்கவும் சுருக்கவும் கட்டாயப்படுத்துவதால் சிறிதளவு முந்துகிறது. ஆனால், அந்த முந்துதல் செய்தித் தலைப்புகள் சொன்ன அளவுக்குப் பெரியதன்று. நினைவில், எக்கருவியும் தனித்து வெல்வதில்லை. குறிப்பை மீண்டும் திறப்பவரே வெல்கிறார். ஆகவே, கருத்துகளும் காரணங்களும் நிறைந்த வகுப்பில், தடையேதும் இல்லாத மாணவருக்குப் பேனாவே பொருத்தமானது. அதனினும் இன்றியமையாதது, கையில் எது இருப்பினும் சொல்லுக்குச் சொல் படியெடுக்காமல் இருப்பது.

தம் குறிப்பு எத்தகையது என்பதை மாணவர் தாமே அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. வகுப்பு முடிந்த அன்று மாலை, குறிப்பை மூடி வைத்துவிட்டு, அன்றைய பாடத்திலிருந்து ‘ஏன்’ என்று தொடங்கும் ஒரு வினாவைத் தாமே கேட்டு, விடையை எழுதிப் பார்க்கலாம். விடை எழுத முடிந்தால், எழுதும் செயல் தன் முதற்பணியைச் செய்திருக்கிறது. எழுத முடியாமல், குறிப்பைத் திறந்ததும் விடை கிடைத்தால், குறிப்பு சேமிப்பாக மட்டும் நின்றிருக்கிறது. அதை மீண்டும் சுருக்கி எழுத வேண்டும். குறிப்பைத் திறந்தும் விடை கிடைக்கவில்லையெனில், பக்கம் நிரம்பியிருந்தும் ‘ஆனால்’ என்னும் சொல் அதில் இறங்கவில்லை என்பது புலப்படும். அந்த இடைவெளியைப் பாடநூலைக் கொண்டு அன்றே நிரப்பிவிட்டால், தேர்வு நாளன்று அது ஒரு வியப்பாக வந்து நிற்காது.

கற்பவை கற்றபின்...

1. குறிப்பெடுத்தலின் இரு பணிகளையும் வேறுபடுத்தி விளக்குக.

2. ஹேபர் முறை பற்றிய இரு குறிப்புகளுள் எதன் குறையை எளிதில் நீக்க முடியும்? காரணம் கூறுக.

3. ‘பேனா, மெதுவாக இயங்கும் ஒரு விசைப்பலகையாகிவிடுகிறது’ – இக்கூற்று எந்தச் சூழலில் பொருந்தும் என்பதைக் கட்டுரைவழி நிறுவுக.

4. வகுப்பில் பத்து நிமிட உரை ஒன்றைக் கேட்டு, ஒரு குழு சொல்லுக்குச் சொல்லாகவும், மற்றொரு குழு சுருக்கியும் குறிப்பெடுக்கவும். ஒரு வாரம் கழித்து, குறிப்பைப் பார்க்காமல் மூன்று ‘ஏன்’ வினாக்களுக்கு விடையெழுதி, இரு குழுவினரின் விடைகளையும் ஒப்பிட்டு உரையாடுக.